ஹாட்ஃபிக்ஸுக்கு இடம் விட்டு எண்ணிடுதல்: ஆண்ட்ராய்டு செயலியின் வெர்ஷன் கோடும் வெர்ஷன் நேமும்

ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் தன்னுடன் இரண்டு பதிப்பு அடையாளங்களைச் சுமந்து செல்கிறது. கைபேசியின் அமைப்புகளில் செயலியின் விவரப் பக்கத்தைத் திறந்தால் அடியில் தெரியும் 2.3.0 போன்றது வெர்ஷன் நேம். பயனருக்கு எங்கும் காட்டப்படாமல் உள்ளே இருக்கும் முழு எண் வெர்ஷன் கோடு. புதிதாகச் செயலி எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலாவதை யோசித்து வைக்கிறார்கள். இரண்டாவதை, செயலியைப் பதிவேற்றும் தளமான ப்ளே கன்சோல் மறுக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். உண்மையில் யோசனை தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான்.

வெர்ஷன் நேம் வெறும் எழுத்துச் சரம். 2.10.0 என்பது 2.9.0-க்குப் பிந்தையது என்று ஆண்ட்ராய்டுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. அந்த இடத்தில் ‘பொங்கல் பதிப்பு’ என்று எழுதினாலும் அது ஆட்சேபிக்காது. எது பழையது, எது புதியது என்ற தீர்ப்பு முழுவதும் வெர்ஷன் கோடைப் பார்த்தே வழங்கப்படுகிறது. கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் செயலியைவிடக் குறைந்த கோடு கொண்ட பில்டை அதன்மேல் நிறுவ முயன்றால் `INSTALL_FAILED_VERSION_DOWNGRADE` என்ற பிழையுடன் ஆண்ட்ராய்டு மறுத்துவிடும். ப்ளே ஸ்டோர் இன்னும் கண்டிப்பானது: ஒருமுறை பதிவேற்றிய கோடை, அந்த பில்டை யாருக்கும் வெளியிடாமல் விட்டுவிட்டாலும், மறுபடி வேறொரு பில்டுக்குப் பயன்படுத்த விடாது. அது ஏற்கும் மிகப் பெரிய எண் 2100000000.

இவ்வளவுதான் விதிகள். முதல் பில்டுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண்ணிக்கொண்டே போனால் இந்த விதிகளில் எதுவும் மீறப்படாது. பிறகு திட்டமிட என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். ஒரே பாதையில் நடக்கும்வரை ஒன்றும் இல்லை. வெளியான பதிப்பு ஒன்று, சோதனையில் உள்ள அடுத்த பதிப்பு ஒன்று என இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும்போது, முதல் பாதையில் அவசரத் திருத்தம், அதாவது ஹாட்ஃபிக்ஸ், தேவைப்படும் நாளில்தான் வரிசை எண்ணின் குறை தெரியவரும்.

ஒரு சனிக்கிழமை காலை

மளிகைக் கடைகளுக்கான பற்று வரவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயரை மறைத்துச் சொல்கிறேனே தவிர, நான் இருந்த ஒரு சிறு குழுவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். புரொடக்‌ஷனில் 2.3.0 இருக்கிறது, அதன் கோடு 41. அடுத்த பதிப்பான 2.4.0-இல் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்பும் வசதி வருகிறது. அதற்காகத் தரவுத்தளத்தில் ஒரு புதிய அட்டவணை சேர்க்கப்படுவதால், தரவுத்தளத்தின் பதிப்பு 7-இலிருந்து 8-க்கு உயர்கிறது. டெஸ்டர்களுக்கு மட்டும் செயலியைத் தரும் இன்டர்னல் டெஸ்டிங் டிராக்கில் 42, 43, 44, 45 என நான்கு பில்டுகள் போய்விட்டன. டெஸ்டர்களாக இருப்பவர்கள் நமக்குத் தெரிந்த சில கடைக்காரர்கள்; தங்கள் உண்மையான கணக்கையே அதில் எழுதுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று சொன்னாலும் செய்வார்கள்.

இந்த நேரத்தில் 2.3.0-இல் மாத அறிக்கையைத் திறந்தால் செயலி நின்றுவிடுகிறது என்று புகார்கள் வருகின்றன. 2.4.0 இன்னும் முடியவில்லை. ஆகவே வெளியான 2.3.0-இன் மூலக் குறியீட்டை எடுத்து, அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தி 2.3.1 என்று வெளியிட வேண்டும். நேம் சரி, கோடு என்ன? 42 முதல் 45 வரை தீர்ந்துவிட்டன. எனவே 46 என்று வைத்து வெள்ளிக்கிழமை மாலை வெளியிடுகிறோம்.

ஒரு பயனர் ஒன்றுக்கு மேற்பட்ட டிராக்குகளுக்குத் தகுதி பெற்றவராக இருந்தால், அவற்றில் எந்த பில்டின் கோடு பெரியதோ அதையே ப்ளே ஸ்டோர் அவருக்குத் தரும். டெஸ்டர்களுக்கு இன்டர்னல் டிராக்கும் உண்டு, புரொடக்‌ஷனும் உண்டு. முன்னதில் 45, பின்னதில் 46. ஆகவே இரவில் கைபேசிகள் சார்ஜில் கிடக்கும்போது, 2.4.0 வைத்திருந்த டெஸ்டர்கள் எல்லோருக்கும் 2.3.1 ‘புதுப்பிப்பாக’ இறங்குகிறது. பெயரில் பின்னோக்கியும் எண்ணில் முன்னோக்கியும் ஒரே நேரத்தில் நகர்ந்திருக்கிறார்கள். எண்ணைத் தவிர வேறொன்றையும் பார்க்காத ப்ளே ஸ்டோருக்கு இதில் தவறாக எதுவும் தெரியவில்லை.

காலையில் கடையைத் திறந்த ஒருவரிடமிருந்து, ‘அண்ணா, ஆப் ஓப்பனே ஆக மாட்டேங்குது’ என்று செய்தி வந்தது. பிழைப் பதிவில் இருந்தது இந்த வரி:

```
android.database.sqlite.SQLiteException:
  Can't downgrade database from version 8 to 7
```

2.3.1-க்குத் தெரிந்த தரவுத்தளப் பதிப்பு 7. கைபேசியில் இருப்பதோ 8. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வழியை நாம் எழுதி வைக்காவிட்டால், எஸ்க்யூலைட்டைத் திறக்கும் ஆண்ட்ராய்டின் உதவி வகுப்பு இந்தப் பிழையை எறிந்து நின்றுவிடும். இதில் ஒரு நல்ல காலமும் உண்டு: பிழை எறியப்பட்டதால் தரவுத்தளம் தொடப்படாமல் 8-ஆகவே இருக்கிறது. ஆகவே 2.4.0-வை 47 என்ற கோடுடன் உடனே இன்டர்னல் டிராக்கில் பதிவேற்றினால், அது இறங்கியதும் கணக்கு பத்திரமாகத் திறந்துகொள்ளும். அந்த இடைவெளியில் டெஸ்டர் பொறுமையிழந்து செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால்தான் கணக்கு போய்விடும். ரூம் என்ற தரவுத்தள நூலகத்தில் `fallbackToDestructiveMigrationOnDowngrade()` என்ற அமைப்பை யாராவது முன்பே இட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். செயலி நிற்காது, எந்தச் சத்தமும் இல்லாமல் எல்லா அட்டவணைகளையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும்.

கோடு காட்ட வேண்டியது எந்த வரிசையை

இந்தச் சிக்கலின் வேர், 46 என்ற எண் ‘இந்த பில்ட் எப்போது செய்யப்பட்டது’ என்பதை மட்டுமே சொன்னது என்பதுதான். நேரப்படி பார்த்தால் ஹாட்ஃபிக்ஸ் கடைசியாகச் செய்யப்பட்டது. வம்சாவளிப்படி பார்த்தால் அது 2.3.0-க்கும் 2.4.0-க்கும் நடுவில் பிறந்தது. வெர்ஷன் கோடு இந்த இரண்டாவது வரிசையைக் காட்ட வேண்டும். அப்படிக் காட்ட, 2.3.0-க்கும் 2.4.0-க்கும் நடுவில் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி, நேமில் உள்ள மூன்று எண்களையும் பில்டின் வரிசை எண்ணையும் ஒரே முழு எண்ணில் அடுக்குவது. கடைசி இரண்டு இலக்கங்கள் பில்டுக்கு. அதற்கு முந்தைய இரண்டு ஹாட்ஃபிக்ஸுக்கு. அதற்கும் முந்தைய இரண்டு வழக்கமான புதுப்பிப்புக்கு. மீதி முதன்மைப் பதிப்புக்கு. அதே கதையை இந்த முறையில் எழுதினால் இப்படி வரும்:

```
2.3.0, 7-வது பில்ட்   ->  2030007   (புரொடக்‌ஷன்)
2.4.0, 5-வது பில்ட்   ->  2040005   (இன்டர்னல் டெஸ்டிங்)
2.3.1, 1-வது பில்ட்   ->  2030101   (ஹாட்ஃபிக்ஸ்)
```

ஹாட்ஃபிக்ஸின் 2030101, புரொடக்‌ஷனில் உள்ள 2030007-ஐவிடப் பெரியது. ஆகவே பொதுப் பயனர்கள் எல்லோருக்கும் அது இறங்கும். இன்டர்னல் டிராக்கில் உள்ள 2040005-ஐவிடச் சிறியது. ஆகவே டெஸ்டர்களின் கைபேசியில் எதுவும் நடக்காது, 2.4.0 அப்படியே இருக்கும். கடைசியாகச் செய்யப்பட்ட பில்ட் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. டெஸ்டர்களுக்கு அந்த மாத அறிக்கைப் பிழை இன்னும் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, திருத்தத்தை 2.4.0-இன் கிளையிலும் சேர்த்து 2040006-ஆக அனுப்பினால்தான் அவர்களுக்கும் தீரும்.

கிரேடில் கோப்பில் இதை எண்ணாக எழுதாமல் கணக்காக எழுதுவது நல்லது. கையால் ஏழு இலக்கம் அடிப்பவர் என்றாவது ஒருநாள் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிவிடுவார்.

```kotlin
val major = 2
val minor = 4
val patch = 0
val buildNo = 5

require(minor in 0..99 && patch in 0..99 && buildNo in 1..99)

android {
    defaultConfig {
        versionCode = major * 1_000_000 + minor * 10_000 +
                      patch * 100 + buildNo
        versionName = "$major.$minor.$patch"
    }
}
```

நடுவில் உள்ள `require` வரியை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் 2.4.0-இன் நூறாவது பில்டின் கோடு 2040100 ஆகும், அதாவது 2.4.1-க்கு ஒதுக்கிய இடத்திற்குள் கால் வைத்துவிடும். அடுத்து வரும் 101-வது பில்டும் 2.4.1-இன் முதல் பில்டும் ஒரே எண்ணைக் கேட்டு மோதும். மோதல் தெரியவரும் இடம் ப்ளே கன்சோல். அதுவும் ஹாட்ஃபிக்ஸை அவசரமாகப் பதிவேற்றும் நேரத்தில். வரம்பு மீறிய உடனே பில்டே நின்றுவிட்டால், அன்று மாலையே உட்கார்ந்து யோசிக்கலாம். ஒவ்வொரு கமிட்டுக்கும் தானாக பில்ட் செய்து பதிவேற்றும் குழுவுக்கு 99 போதாது. அவர்கள் பில்டுக்கு மூன்று இலக்கம் ஒதுக்கி, மற்றவற்றை ஒவ்வோர் இடம் இடப்பக்கம் தள்ளலாம். அப்போதும் முதன்மைப் பதிப்பு 209 வரை உச்சவரம்புக்குள் அடங்கும். அதைத் தாண்டிய செயலியைப் பராமரிக்க நாம் இருக்கப் போவதில்லை.

தேதியையே கோடாக வைக்கும் பழக்கமும் பரவலாக உண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றை இரண்டிரண்டு இலக்கமாக அடுக்குபவர்கள் 2020 டிசம்பர் 31 வரை பிழைத்தார்கள். அன்றைய நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன் வரும் எண் 2012312359. அடுத்த நிமிடம் அது 2101010000 ஆகி, ப்ளே ஸ்டோரின் வரம்பைத் தாண்டிவிட்டது. இதே போன்ற அடுக்குமுறை, 32 பிட் எண்ணின் எல்லையான 2147483647-ஐத் தாண்டிய 2022 ஜனவரி 1 அன்று, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சேவையகங்களின் தீநிரல் வடிகட்டி 2201010001 என்ற எண்ணை ஏற்க முடியாமல் நின்று, அஞ்சல்கள் வரிசையில் தேங்கிக் கிடந்தது செய்தியாகவே வந்தது. நான்கு இலக்க ஆண்டு, மாதம், நாள், அன்றைய பில்ட் எண் என்று அடுக்கினால் 2099 முடியும்வரை வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் வரம்பு பெரிய குறை அல்ல. தேதியும் நேரத்தைத்தான் சொல்கிறது. இன்று செய்த ஹாட்ஃபிக்ஸ், போன வாரம் செய்த 2.4.0-வைவிட எப்போதும் பெரிய எண்ணே பெறும். சனிக்கிழமைக் காலை அப்படியே திரும்பும்.

பில்ட் சேவையகத்தின் ஓட்ட எண்ணைக் கோடாக வைப்பதிலும் இதே குறைதான். சேவையகத்தை மாற்றினால் எண்ணிக்கை மறுபடி 1-இலிருந்து தொடங்கும் என்பது கூடுதல். `git rev-list --count HEAD` என்று கமிட்டுகளை எண்ணி வைப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. 2.3.0 வெளியானபோது 412 கமிட்டுகள் இருந்தன என்றால், ஹாட்ஃபிக்ஸ் கிளையில் இரண்டு கமிட் சேர்த்ததும் 414 வரும். முதன்மைக் கிளையில் 414-வது கமிட்டில் ஒரு சோதனை பில்ட் ஏற்கெனவே போயிருந்தால் ப்ளே கன்சோல் மறுக்கும். பில்ட் சேவையகம் நேரத்தை மிச்சப்படுத்தக் கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கிக்கொள்ளும்படி அமைந்திருந்தால், எண்ணிக்கை 1 என்று வரும்.

சோதனை பில்டின் பெயர்

கோடு தெளிவானதும், நேமில் என்ன எழுதுவது என்ற கேள்வி எளிதாகிவிடுகிறது. சோதனை பில்டுக்கு `2.4.0-beta5` என்று பெயரிடும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் இப்போது அதைச் செய்வதில்லை. டெஸ்டர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பில்ட் எதுவோ, அதே கோப்பைத்தான் புரொடக்‌ஷனுக்கு உயர்த்த வேண்டும்; ப்ளே கன்சோலில் மறுபடி பதிவேற்றாமலே ஒரு டிராக்கிலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தவும் முடிகிறது. நேம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், உயர்த்தும்போது அதை மாற்ற வழியில்லை. பீட்டா என்ற பெயருடன் பொதுமக்களிடம் போகும், அல்லது பெயரை மாற்றுவதற்காகப் புதிய பில்ட் செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்தால் வெளியாவது யாரும் சோதிக்காத கோப்பு.

ஆகவே நேமை 2.4.0 என்றே விட்டுவிட்டு, செயலியின் ‘பற்றி’ பக்கத்தில் `2.4.0 (2040005)` என்று இரண்டையும் காட்டலாம். புகார் அனுப்பும் டெஸ்டர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் எந்த பில்ட் என்ற குழப்பம் தீர்ந்தது. நம் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பில்டுகளுக்கு மட்டும் `versionNameSuffix = "-debug"`, `applicationIdSuffix = ".debug"` என்று இரண்டு ஒட்டுகளையும் சேர்த்துவிடுவேன். செயலியின் அடையாளமே வேறாகிவிடுவதால், அது ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலியுடன் எண்ணிலும் மோதாது, தரவிலும் மோதாது.

ஹாட்ஃபிக்ஸையே எப்படிச் சோதிப்பது என்பதில் இந்த எண்முறை ஒரு சிறு இடைஞ்சல் தருகிறது. டெஸ்டரின் கைபேசியில் 2040005 இருப்பதால் 2030101 அதன்மேல் இறங்காது. இது நாம் விரும்பிய பாதுகாப்புதான் என்றாலும், சோதிக்க ஆள் வேண்டுமே. அதற்கு, 2.4.0 சோதனையில் சேராத சிலரை மட்டும் கொண்ட தனி குளோஸ்டு டெஸ்டிங் டிராக்கை முன்பே வைத்திருப்பது நல்லது. அவர்களிடம் புரொடக்‌ஷன் பதிப்பே இருக்கும். ஹாட்ஃபிக்ஸ் முதலில் அவர்களுக்குப் போய், பிறகு அதே கோப்பு புரொடக்‌ஷனுக்கு உயரும்.

ஹாட்ஃபிக்ஸே புதிய சிக்கலைக் கொண்டுவந்தால் பழையதற்குத் திரும்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படிப்படியாக வெளியிடும்போது பாதியில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே 2030101 இறங்கிய கைபேசிகளை 2030007-க்கு இழுக்க முடியாது. 2.3.0-இன் மூலக் குறியீட்டையே மறுபடி எடுத்து, 2.3.2 என்று பெயரிட்டு, 2030201 என்ற கோடுடன் வெளியிடுவதே வழி. பழைய சரக்கு, புதிய எண்.

ஏற்கெனவே 46 வரை எண்ணிவிட்ட செயலியை இந்த முறைக்கு மாற்றுவதில் தடையேதும் இல்லை. 46-இலிருந்து 2040006-க்குத் தாவலாம். இடையில் விட்ட எண்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தாவியபின் கீழே இறங்க முடியாது என்பதால், முதல் முறை பதிவேற்றும் முன் உள்ளே என்ன எண் பதிந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

```
aapt2 dump badging app-release.apk
adb shell dumpsys package com.example.kanakku | grep version
```

முதல் கட்டளை கோப்பில் உள்ளதைக் காட்டும், இரண்டாவது கைபேசியில் நிறுவப்பட்டதைக் காட்டும். ஒரு பூஜ்யம் கூடி 20400060 என்று புரொடக்‌ஷனுக்கே போய்விட்டால் அதற்குக் கீழான எண்கள் எல்லாம் பயனற்றவை. அதன்பின் சூத்திரத்தில் 20000000-ஐ நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டே வாழ வேண்டியதுதான். இன்டர்னல் டிராக்கோடு நின்றிருந்தால் பாதிப்பு டெஸ்டர்களுக்கு மட்டும். அவர்கள் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும்.

கடைசியாக, கிட்டில் ஹாட்ஃபிக்ஸ் கிளையை முதன்மைக் கிளையுடன் இணைக்கும் தருணத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் `minor = 3`, `patch = 1`. மறுபக்கத்தில் `minor = 4`, `patch = 0`. அடுத்தடுத்த வரிகள் இரு பக்கமும் மாறியிருப்பதால், முரண் என்று கிட் நிறுத்திக் கேட்கும். பதில் எப்போதும் முதன்மைக் கிளையின் நான்கு வரிகளும் அப்படியே. அவசரத்தில் மறுபக்கத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்த சோதனை பில்ட் 2.3.1 என்ற பெயரோடு 2030102-ஆகப் பிறக்கும். முரணைக் கையால் தீர்க்கும்போது `patch = 1` மட்டும் நுழைந்துவிட்டால் 2.4.1 என்ற, யாரும் திட்டமிடாத பதிப்பாகப் பிறக்கும். முன்னது டெஸ்டர்கள் யாருக்கும் இறங்காது, ‘அப்டேட் வரவில்லையே’ என்று கேட்பார்கள். பின்னது எந்த மறுப்பும் இல்லாமல் எல்லோருக்கும் இறங்கிவிடும், அதன்பின் 2.4.0 என்ற பெயரில் அவர்களுக்கு எதையும் அனுப்ப முடியாது.